மூன்று அம்பும் ஏழு அட்டையும்: 0, 1, 2 வரிசைப்படுத்தல் கணக்கு

உயர்தர ஐ.சி.டி. படிக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டில் அவர்களோடு உட்கார்ந்து படிப்பைப் பார்க்கும் உம்மா வாப்பாமாருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவுதான். ஏழு சின்ன அட்டைத் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்தால் இலகுவாகப் புரியும்.

கணக்கு இதுதான். ஓர் அணியில் 0, 1, 2 என்ற மூன்று எண்கள் மட்டுமே கலந்து கிடக்கின்றன. 0 எல்லாம் முன்னுக்கும், 1 எல்லாம் நடுவிலும், 2 எல்லாம் கடைசியிலும் வர வேண்டும். இன்னோர் அணியை உருவாக்கக் கூடாது. இடமிருந்து வலமாக ஒரே தடவைதான் போகலாம்.

இதற்கான விடை பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். பிள்ளைகள் அதைப் பாடமாக்கியும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு வரிக்குள் ஓரிடத்தில் ஒரு வரி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அது ஏன் இல்லை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

எங்களிடம் படித்து வெளியேறிய ஒரு பிள்ளை, வேலைக்கான நேர்முகத்தேர்வு ஒன்றில் இதே கணக்கைச் சந்தித்தது. செய்நிரலைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்திருக்கிறது. "இந்த இடத்தில் மட்டும் ஏன் நடுச் சுட்டி நகரவில்லை?" என்று கேட்டதும் நின்றுவிட்டது. பிறகு எங்களுக்குத் தொலைபேசியில், "சேர், கோட் பாடம். ஆனா ஏன் என்டு கேட்டதும் ஒன்டும் சொல்ல வரல்ல" என்றது. அந்த வேலை கிடைக்கவில்லை. அந்த ஒரு "ஏன்" பற்றித்தான் இந்தப் பதிவு.

கணக்கு எங்கிருந்து வந்தது

இதற்கு "டச்சுத் தேசியக் கொடிக் கணக்கு" என்று பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1976இல் வெளிவந்த தனது நூலில் இதை விளக்கினார். இரண்டு இடங்களுக்கு இடையிலான மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் நெறிமுறைக்குப் பெயர் கொடுத்தவரும் இவர்தான். 1972ஆம் ஆண்டின் டியூரிங் விருதும் இவருக்குக் கிடைத்தது.

நெதர்லாந்தின் கொடியில் மேலிருந்து கீழாகச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று பட்டைகள் இருக்கும். டைக்ஸ்ட்ரா சொன்ன கணக்கில் வாளிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வாளிக்குள்ளும் ஒரு கல். கல்லின் நிறம் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்றில் ஒன்று. கொடியில் இருக்கும் ஒழுங்கில் கற்களை அடுக்க வேண்டும். இரண்டு வேலைகளுக்குத்தான் அனுமதி: ஒரு வாளியில் உள்ள கல்லின் நிறத்தைப் பார்க்கலாம், இரண்டு வாளிகளின் கற்களை இடம் மாற்றலாம். ஒரு கல்லின் நிறத்தை ஒரு தடவைக்கு மேல் பார்க்கக் கூடாது.

இங்கே பிள்ளைகள் வழக்கமாக ஒரு குறுக்குவழி சொல்வார்கள். "சேர், 0 எத்தனை, 1 எத்தனை, 2 எத்தனை என்டு எண்ணிப் போட்டு, அணியில் புதுசா எழுதினா முடிஞ்சுதே?" கேள்வி நியாயமானது. வெறும் எண்கள் மட்டும் என்றால் அது சரியாக வேலை செய்யும். ஆனால் அதற்கு அணியை இரண்டு தடவை கடக்க வேண்டும், எண்ண ஒரு தடவை, எழுத ஒரு தடவை. அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. கல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, இந்த வாளியில் இனிச் சிவப்பு என்று கல்லுக்குப் பெயின்ட் அடிக்க முடியாது. கல்லைத்தான் நகர்த்த வேண்டும். நிஜ வேலையில் 0, 1, 2 என்பது பெரும்பாலும் ஒரு மாணவனின் விவரத்திலோ ஒரு கடைச் சாமானின் விவரத்திலோ ஒட்டியிருக்கும் அடையாளம் மட்டுமே. அடையாளத்தை அழித்து எழுதினால் விவரம் கெட்டுப்போகும்.

அட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள்

ஏழு அட்டைத் துண்டுகளை எடுத்து இந்த எண்களை எழுதுங்கள்:

```
1 2 0 2 1 0 0
```

இதே ஒழுங்கில் மேசையில் அடுக்கி, எல்லாவற்றையும் எண் தெரியாதபடி கவிழ்த்து வையுங்கள். இடங்களுக்கு இடமிருந்து 0 முதல் 6 வரை இலக்கம் கொடுங்கள். பைதனில் அணி எண்ணப்படுவதும் இப்படித்தான்.

இனி மூன்று அம்புகள் வேண்டும். இடது அம்பும் நடு அம்பும் இடம் 0இல் தொடங்குகின்றன. வலது அம்பு கடைசி இடமான 6இல் நிற்கிறது. செய்நிரலில் இவற்றுக்கு low, mid, high என்று பெயர்.

ஒவ்வோர் அம்பும் ஓர் எல்லையைக் காவல் காக்கிறது. இடது அம்புக்கு முன்னால் இருப்பதெல்லாம் 0. இடது அம்பிலிருந்து நடு அம்புக்கு முந்திய இடம் வரை இருப்பதெல்லாம் 1. வலது அம்புக்குப் பின்னால் இருப்பதெல்லாம் 2. நடு அம்பிலிருந்து வலது அம்பு வரை, இரண்டு இடமும் சேர்த்து, இருப்பவை இன்னும் திறக்காத அட்டைகள். தொடக்கத்தில் முதல் மூன்று பகுதிகளும் வெறுமையாக இருக்கின்றன, ஏழு அட்டையும் திறக்காத பகுதியில் இருக்கின்றன. வேலை முடியும்போது திறக்காத பகுதி வெறுமையாக வேண்டும். இடையில் எந்த நேரம் நிறுத்திப் பார்த்தாலும் இந்த நான்கு வசனமும் உண்மையாக இருக்க வேண்டும்.

விதி மூன்றுதான். நடு அம்பு காட்டும் அட்டையைத் திறக்கிறோம்.

அது 1 என்றால், அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நடு அம்பை ஓரிடம் முன்னே நகர்த்துகிறோம்.

அது 0 என்றால், இடது அம்பு காட்டும் அட்டையோடு இடம் மாற்றி, இடது அம்பையும் நடு அம்பையும் ஓரிடம் முன்னே நகர்த்துகிறோம்.

அது 2 என்றால், வலது அம்பு காட்டும் அட்டையோடு இடம் மாற்றி, வலது அம்பை மட்டும் ஓரிடம் பின்னே எடுக்கிறோம். நடு அம்பு நின்ற இடத்திலேயே நிற்கும்.

செய்து பார்ப்போம்.

முதலாவது, இடம் 0இல் உள்ள அட்டையைத் திறந்தால் 1. நடு அம்பு இடம் 1க்குப் போகிறது.

இரண்டாவது, இடம் 1இல் 2 வருகிறது. அதை இடம் 6இல் உள்ள கவிழ்ந்த அட்டையோடு மாற்றுகிறோம். வலது அம்பு 5க்கு வருகிறது. இப்போது மேசையைப் பாருங்கள். இடம் 6இல் 2 திறந்து கிடக்கிறது. நடு அம்புக்கு முன்னால், இடம் 1இல், வந்து சேர்ந்திருப்பது கவிழ்ந்த அட்டை.

மூன்றாவது, அந்தக் கவிழ்ந்த அட்டையைத் திறக்கிறோம். அது 0. இடது அம்பு இடம் 0இல் இருக்கிறது, அங்கே இருப்பது நாம் முதலில் திறந்த 1. இரண்டையும் மாற்றுகிறோம். இடது அம்பு 1க்கும் நடு அம்பு 2க்கும் போகின்றன.

நான்காவது, இடம் 2இல் 0. இடம் 1இல் உள்ள 1ஓடு மாற்றுகிறோம். இடது அம்பு 2, நடு அம்பு 3.

ஐந்தாவது, இடம் 3இல் 2. இடம் 5இல் உள்ள கவிழ்ந்த அட்டையோடு மாற்றுகிறோம். வலது அம்பு 4. நடு அம்பு நகரவில்லை.

ஆறாவது, இடம் 3இல் புதிதாக வந்த அட்டையைத் திறந்தால் 0. இடம் 2இல் உள்ள 1ஓடு மாற்றுகிறோம். இடது அம்பு 3, நடு அம்பு 4.

ஏழாவது, இடம் 4இல் 1. நடு அம்பு 5க்குப் போகிறது. வலது அம்பு 4இல் இருப்பதால் நடு அம்பு அதைத் தாண்டிவிட்டது. கவிழ்ந்த அட்டை எதுவும் மிச்சமில்லை.

```
0 0 0 1 1 2 2
```

ஏழு அட்டைக்கு ஏழு தடவை திறந்தோம். இது தற்செயல் அல்ல. மூன்று விதியில் எதைச் செய்தாலும், நடு அம்பு முன்னே வரும் அல்லது வலது அம்பு பின்னே வரும், திறக்காத பகுதி சரியாக ஓரிடம் சுருங்கும். ஆகவே n அட்டைக்கு n திறப்பு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பாடத்தில் வரும் குமிழி வரிசைப்படுத்தலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். 1000 உறுப்புகள் இருந்தால் அதற்கு 4,99,500 ஒப்பீடுகள் வரை போகலாம். இங்கே 1000 சுற்றில் முடிகிறது.

அந்த ஒரு "ஏன்"

0 வந்தபோது மாற்றிவிட்டு நடு அம்பை நகர்த்தினோம். 2 வந்தபோதும் மாற்றினோம், ஆனால் நகர்த்தவில்லை. இரண்டும் இடமாற்றம்தானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

அட்டைகளைப் பார்த்தாலே விடை தெரியும். 0ஐ மாற்றும்போது இடது அம்பிலிருந்து நடு அம்புக்கு வருவது ஏற்கனவே திறந்த அட்டை. இடது அம்புக்கும் நடு அம்புக்கும் இடையில் 1 மட்டுமே இருக்க முடியும் என்று சொன்னோம் அல்லவா? ஆகவே வருவது நிச்சயமாக 1தான். அதை மறுபடி பார்க்கத் தேவையில்லை, தாண்டிப் போகலாம். இரண்டு அம்பும் ஒரே இடத்தில் நின்றால் அட்டை தன்னோடு தானே மாறுகிறது. அப்போது அங்கே இருப்பது 0. இரண்டு அம்பும் நகர்ந்ததும் அது 0 பகுதிக்குள் போய்விடும்.

2ஐ மாற்றும்போது வலது அம்பிலிருந்து வருவது கவிழ்ந்த அட்டை. அது 0ஆக இருக்கலாம், 1ஆக இருக்கலாம், இன்னொரு 2ஆகவும் இருக்கலாம். திறக்காமல் தாண்டினால், "நடு அம்புக்கு முன்னால் 2 இல்லை, இடது அம்புக்குப் பிறகு 0 இல்லை" என்ற உறுதி அந்த இடத்திலேயே உடைகிறது. நடு அம்பு திரும்பிப் பின்னால் போவதில்லை என்பதால், அந்தப் பிழையைப் பிறகு கண்டுபிடிக்க ஆள் இல்லை.

அவ்வளவுதான் காரணம். வருகிற அட்டை திறந்ததா, கவிழ்ந்ததா? திறந்தது என்றால் நகரலாம். கவிழ்ந்தது என்றால் நிற்க வேண்டும். நேர்முகத்தேர்வில் அந்தப் பிள்ளையிடம் கேட்டது இந்த ஒரு வசனத்தைத்தான்.

இனிச் செய்நிரலைப் பாருங்கள். மூன்று விதியும் அப்படியே இருக்கின்றன.

```python
def sort012(a):
    low, mid, high = 0, 0, len(a) - 1
    while mid <= high:
        if a[mid] == 0:
            a[low], a[mid] = a[mid], a[low]
            low += 1
            mid += 1
        elif a[mid] == 1:
            mid += 1
        else:
            a[mid], a[high] = a[high], a[mid]
            high -= 1
```

பிழை எங்கே ஒளிந்திருக்கும்

பிள்ளைகள் எழுதிக் கொண்டுவரும் விடைகளில் திரும்பத் திரும்ப இரண்டு பிழைகளைக் காண்கிறோம். இரண்டுமே சில உதாரணங்களுக்குச் சரியான விடையைத் தந்து ஏமாற்றக்கூடியவை.

முதல் பிழை, else பகுதியிலும் `mid += 1` என்று சேர்த்துவிடுவது. பார்க்க அழகாக இருக்கும், மூன்று பகுதியும் ஒரே மாதிரி வரும். `[2, 0]` கொடுத்தால் `[0, 2]` என்று சரியாகத் தரும். இரண்டு உறுப்புள்ள எந்த அணியைக் கொடுத்தாலும் சரியாகத்தான் தரும். `[1, 2, 0]` கொடுத்துப் பாருங்கள். 1ஐத் தாண்டுகிறது. 2ஐக் கடைசி 0ஓடு மாற்றுகிறது. வந்த 0ஐத் திறக்காமலே தாண்டுகிறது. விடை `[1, 0, 2]`. நாம் மேசையில் செய்த ஏழு அட்டைக்கு இந்தப் பிழையான செய்நிரல் `[0, 0, 1, 0, 1, 2, 2]` என்று தரும். நடுவில் ஒரு 0 மாட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது பிழை, `mid <= high` என்பதற்குப் பதிலாக `mid < high` என்று எழுதுவது. இரண்டு அம்பும் ஒரே இடத்தில் சந்திக்கும்போது அங்கே இன்னும் ஒரு கவிழ்ந்த அட்டை இருக்கிறது. `<` என்று எழுதினால் அந்தக் கடைசி அட்டையைத் திறக்காமலே எழும்பிவிடுகிறோம். இங்கே ஒரு விசயம் கவனியுங்கள். நம்முடைய ஏழு அட்டை உதாரணத்தில் அந்தக் கடைசி அட்டை 1. அது தற்செயலாகத் தன் இடத்திலேயே இருந்தது. ஆகவே பிழையான செய்நிரலும் சரியான விடையைத் தந்துவிடும்! ஆனால் `[1, 0]` என்ற சின்ன அணியை அது அப்படியே `[1, 0]` என்று திருப்பித் தரும்.

இதனால்தான், "ஓர் உதாரணத்துக்கு ஓடிப் பார்த்தேன் சேர், சரியா வந்தது" என்று சொன்னால் நாங்கள் ஏற்றுக்கொள்வதில்லை. இந்தக் கணக்குக்கு முழுமையாகச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் மூன்று எண்ணில் ஒன்றுதான் வர முடியும். ஆகவே மூன்று உறுப்புள்ள அணிகள் மொத்தம் 27தான். வெற்று அணியிலிருந்து ஆறு உறுப்பு வரை எல்லாவற்றையும் கூட்டினாலும் 1093 அணிகள். கணினிக்கு அது கண்மூடித் திறக்கும் வேலை.

```python
from itertools import product

for n in range(7):
    for t in product([0, 1, 2], repeat=n):
        a = list(t)
        sort012(a)
        if a != sorted(t):
            print(t, a)
```

சரியான செய்நிரல் என்றால் திரையில் ஒன்றுமே வராது. முதல் பிழை இருந்தால் முதலாவது வரியாக `(1, 2, 0) [1, 0, 2]` வரும். இரண்டாவது பிழை இருந்தால் முதலில் `(1, 0) [1, 0]` வரும். பிழை காட்டும் மிகச் சின்ன அணியே முதலில் வருவதால், அதை எடுத்து அட்டையில் எழுதி மேசையில் வைத்துப் பார்த்தால் எந்த அடியில் தவறியது என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

இந்த முறையால் முடியாத ஒன்று

ஒரு குறைபாட்டையும் சொல்லிவிட வேண்டும். சுட்டிலக்க ஒழுங்கில் அடுக்கிய ஏழு விடைத்தாள்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம், 301 முதல் 307 வரை. அவற்றின் பிரிவுகள் நம்முடைய அட்டைகளைப் போலவே 1, 2, 0, 2, 1, 0, 0. இதே முறையில் பிரித்தால் பிரிவுகள் சரியாக வரும். ஆனால் தாள்களின் ஒழுங்கு 307, 303, 306, 301, 305, 304, 302 என்றாகிவிடும். பிரிவு 0இல் இருக்கும் மூன்று பேரும் 303, 306, 307 என்று வரவில்லை. கடைசியில் இருந்த 307 முன்னுக்கு வந்துவிட்டது. பிரிவு 2இலும் 302க்கு முன்னால் 304 நிற்கிறது.

தூரத்தில் இருக்கும் இரண்டை ஒரேயடியாக இடம் மாற்றுவதால் வரும் விளைவு இது. ஒரே பிரிவுக்குள் பழைய ஒழுங்கு காக்கப்பட வேண்டும் என்றால் இந்த முறை பொருந்தாது. மூன்று தனி அடுக்காகப் பிரித்து, பிறகு ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ப்பதே நல்லது. அதற்கு மேலதிக இடம் தேவைப்படும், அதுதான் அதன் விலை.

வெறும் மூன்று எண்ணுக்கு மட்டுமா இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விரைவு வரிசைப்படுத்தலில் ஓர் உறுப்பை அளவுகோலாக எடுத்து மற்றவற்றைப் பிரிப்பார்கள். ஒரே எண் பலமுறை திரும்பத் திரும்ப வரும் அணியில், இரண்டாக மட்டும் பிரிக்கும் எளிய முறை மிகவும் மெதுவாகிவிடும். அங்கே "அளவுகோலைவிடச் சிறியது, சமம், பெரியது" என்று மூன்றாகப் பிரித்தால் சமமானவை எல்லாம் ஒரே தடவையில் இடம்பிடித்துவிடும், அவற்றை மறுபடி தொடத் தேவையில்லை. சிறியதை 0 என்றும் சமத்தை 1 என்றும் பெரியதை 2 என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். அதே மூன்று அம்பு, அதே மூன்று விதி.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். 2 1 2 0 1 என்று ஐந்து அட்டை எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஒவ்வோர் அடியிலும் மூன்று அம்பும் எங்கே நிற்கின்றன என்று தாளில் அட்டவணை போடுங்கள். ஐந்து திறப்பில் முடிய வேண்டும். பிறகு, நடு அம்பு எத்தனை தடவை நகராமல் நின்றது, ஒவ்வொரு தடவையும் ஏன் நின்றது என்று வீட்டில் யாருக்காவது வாயால் சொல்லிக் காட்டுங்கள். கேட்பவருக்குக் கணினி தெரிந்திருக்கத் தேவையில்லை, கவிழ்ந்த அட்டை எது, திறந்த அட்டை எது என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.